ஸ்ட்ரோக் 2 என்று இருந்தும் ஐகான்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி: “கொழும்பில் ஒரு சின்ன டீம், டொக்டர் சனலிங் அப் ஒன்று செய்கிறோம். ஐகான்களில் பாதி ஃபெதர் என்ற இலவச ஐகான் தொகுதியிலிருந்து, கொஞ்சம் கூகுளின் மெட்டீரியல் தொகுதியிலிருந்து. ஸ்டெதஸ்கோப், மாத்திரை மாதிரியானவை எங்கள் டிசைனர் வரைந்தவை. ஃபெதரிலும் எங்களுடையதிலும் ஸ்ட்ரோக், அதாவது கோட்டின் தடிப்பு, 2 என்றுதான் இருக்கு. ஆனாலும் பக்கத்தில் வைத்தால் சிலது தடிப்பு, சிலது பெரிசு, மூலைகளும் வேற மாதிரி. கண்ணால் பார்த்துச் சொன்னால் டெவலப்பர்மார் ஒத்துக்கொள்கிறார்கள் இல்லை. இதை ஒழுங்காகச் செக் பண்ண முறை இருக்கா?”

இருக்கிறது. அதில் பெரும்பகுதி அளந்து காட்டக்கூடியது, மிச்சம் கண்ணால் பார்த்துத் தீர்க்க வேண்டியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கதைப்பதால்தான் டெவலப்பர்மாரோடு பேச்சு முடியாமல் இழுபடுகிறது. கோட்டின் தடிப்பும் மூலை வளைவும் வெறும் எண்கள், அவற்றில் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. ஓர் ஐகான் பார்வைக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதில்தான் கண்ணின் தீர்ப்பு வேண்டும். ஆகவே எண்களை முதலில் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்கிற வேறுபாடு சிலவாகத்தான் இருக்கும், அவற்றைப் பற்றிக் கதைப்பதும் சுலபமாகிவிடும்.

உங்கள் விஷயத்தில் முதல் குற்றவாளி `viewBox`, அதாவது ஐகானை வரைந்த கட்டத்தின் அளவு, என்றே நினைக்கிறேன். எஸ்விஜி கோப்பில் `stroke-width="2"` என்று எழுதியிருந்தால் அது 2 பிக்ஸல் அல்ல, அந்தக் கோப்பின் சொந்தக் கட்டத்தில் 2 அலகு. ஃபெதரின் கட்டம் 24க்கு 24. கையால் வரைகிறவர்கள் பலர் 32க்கு 32 ஃப்ரேமில் வரைவார்கள், உங்கள் டிசைனரும் அப்படித்தான் செய்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கீழ்ப் பட்டியில் 24 பிக்ஸலில் வைக்கும்போது ஃபெதரின் 2 அப்படியே 2 பிக்ஸலாக நிற்கும். 32 கட்டத்தில் வரைந்த 2, முக்கால் பங்காகச் சுருங்கி 1.5 பிக்ஸல் ஆகிவிடும். கோப்பைத் திறந்து பார்த்தால் இரண்டிலும் 2, திரையில் ஒன்று மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு தடிப்பு. டெவலப்பரும் பொய் சொல்லவில்லை, உங்கள் கண்ணும் பொய் சொல்லவில்லை.

இதை நிரூபிக்க ஐகான் கோப்புறை இருக்கிற இடத்தில் டெர்மினலைத் திறந்து இந்த மூன்று வரிகளை ஓட்டினால் போதும். விண்டோஸ் என்றால் கிட் பாஷில் ஓடும்.

```
grep -oh 'viewBox="[^"]*"' icons/*.svg | sort | uniq -c
grep -oh 'stroke-width="[^"]*"' icons/*.svg | sort | uniq -c
grep -L 'stroke=' icons/*.svg
```

முதல் வரி எத்தனை விதமான கட்டங்கள் கலந்திருக்கின்றன என்று எண்ணிக்கையோடு காட்டும். இரண்டாவது, எழுதப்பட்ட தடிப்புகளை அதேபோல் காட்டும். மூன்றாவது, ஸ்ட்ரோக்கே இல்லாத கோப்புகளின் பெயர்களைத் தரும். அவற்றில் கோடு போலத் தெரிவதெல்லாம் நிரப்பிய உருவங்கள். மெட்டீரியல் ஐகான்கள் அப்படித்தான் வரும். உங்கள் டிசைனர் ஃபிக்மாவில் “அவுட்லைன் ஸ்ட்ரோக்” அழுத்திவிட்டு ஏற்றுமதி செய்தவையும் இந்தப் பட்டியலில் வந்து விழும்.

கோப்பு ஒரு பக்கம், திரையில் வந்து நிற்கும் தடிப்பு இன்னொரு பக்கம். ஒரே ஃபெதர் ஐகானைக் கீழ்ப் பட்டியில் 24, டொக்டர் பட்டியலில் 16, முகப்பு ஓடுகளில் 40 என்று மூன்று அளவில் பாவித்திருப்பீர்கள். அப்போது அதே 2 முறையே 2, 1.33, 3.33 பிக்ஸலாகத் தெரியும். இதை அப்பின் வெப் பதிப்பில் நேரடியாகவே அளக்கலாம். பக்கத்தைத் திறந்து, பிரவுசர் கன்சோலில் இதை ஒட்டுங்கள்:

```
document.querySelectorAll('svg[viewBox]').forEach(s => {
  const k = s.getBoundingClientRect().width / s.viewBox.baseVal.width;
  const found = new Set();
  s.querySelectorAll('path,rect,circle,ellipse,line,polyline,polygon').forEach(p => {
    const c = getComputedStyle(p);
    if (c.stroke !== 'none') found.add((parseFloat(c.strokeWidth) * k).toFixed(2));
  });
  console.log(s, [...found].join(' ') || 'fill');
});
```

ஒவ்வோர் ஐகானுக்கும் திரையில் உண்மையில் வரைந்திருக்கும் தடிப்பு பக்கத்தில் வரும், ஸ்ட்ரோக் இல்லாததற்கு `fill` என்று வரும். கன்சோலில் அந்த வரியின்மேல் மவுஸை வைத்தால் எந்த ஐகான் என்று பக்கத்தில் ஒளிரும், ஆகவே டெவலப்பரைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டே பார்க்கலாம். இதற்குச் சில எல்லைகள் உண்டு. எஸ்விஜியை `img` ஆக வைத்திருந்தாலோ, பல ஐகான்களை ஒன்றாக வைத்த ஸ்ப்ரைட் கோப்பிலிருந்து `use` மூலம் இழுத்திருந்தாலோ இது பிடிக்காது. கோப்புக்குள்ளேயே `transform` போட்டுச் சுருக்கியிருந்தால் எண் பிழையாக வரும். ஆண்ட்ராய்டு அப்பில் கன்சோல் இல்லை, ஆனால் வெக்டர் கோப்பில் `android:viewportWidth`, `android:strokeWidth` என்று அதே இரண்டு எண்களும் இருக்கும், கணக்கும் அதேதான்.

நிரப்பிய உருவங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது, கையால் அளக்க வேண்டும். ஐகானைப் பத்து மடங்கு பெருப்பியுங்கள், அதாவது 24 கட்டத்தை 240 பிக்ஸலுக்கு. பிறகு கோட்டின் குறுக்கே ஒரு செவ்வகத்தை வரைந்து அதன் அகலத்தைப் பாருங்கள். 20 வந்தால் தடிப்பு 2. ஓர் இடத்தில் மட்டும் அளந்துவிட்டு விடாதீர்கள். நிமிர்ந்த கோடு ஒன்று, கிடைக்கோடு ஒன்று, சரிந்த கோடு இருந்தால் அதிலும் ஒன்று அளவுங்கள். நிமிர்ந்தது 2.2, கிடை 2 என்று வந்தால், ஸ்ட்ரோக்கை உருவமாக மாற்றிய பிறகு யாரோ அந்த ஐகானைப் பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்ட்ரோக் ஸ்ட்ரோக்காகவே இருந்திருந்தால் ஃபிக்மாவில் இழுத்தாலும் தடிப்பு மாறாது. உருவமானபின் இழுத்தால் அதுவும் கூடவே இழுபடும். இந்த ஐகானைத் திருத்த முயற்சிக்க வேண்டாம், மூலக் கோப்பைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றுமதி செய்வதே குறைந்த வேலை.

எவ்வளவு வேறுபாடு இருந்தால் திருத்த வேண்டும் என்பதற்கு உலகப் பொதுவான விதி கிடையாது. நான் வைத்திருக்கும் கணக்கு இது: 24 பிக்ஸல் ஐகான்கள் அருகருகே நிற்கும்போது கால் பிக்ஸலுக்கு மேல் வேறுபட்டால் திருத்துவேன், அதற்குக் கீழே விட்டுவிடுவேன். வேறு வேறு திரைகளில் தனித்தனியாக வரும் ஐகான்கள் என்றால் அரை பிக்ஸல் வரைகூடப் பொறுக்கலாம், ஏனென்றால் கண் அவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்லை.

அடுத்தது மூலை. இங்கேதான் ஃபெதரும் மெட்டீரியலும் ஒன்றுக்கொன்று பிடிவாதமாக நிற்கும், ஆனால் காரணம் வெளியே தெரியாது. எஸ்விஜியில் ஸ்ட்ரோக், பாதையின் இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பரவும். ஃபெதரின் காலண்டர் ஐகானில் பெட்டிக்கு `rx="2"` என்று இருக்கும். அந்த 2 கோட்டின் நடுவுக்கான ஆரை. தடிப்பு 2 என்பதால் வெளிப்பக்கம் 1 கூடி வெளி ஆரை 3 ஆகிறது, உள்பக்கம் 1 குறைந்து உள் ஆரை 1 ஆகிறது. மெட்டீரியலின் வழமையான சிஸ்டம் ஐகான் விதி வேறு: வெளி ஆரை 2, உள்மூலை வளைவே இல்லாமல் நேர்க்கோணம். ஆகவே இரண்டு தொகுதிகளைப் பற்றியும் “மூலை ஆரை 2” என்று சொல்லலாம், இரண்டும் உண்மை, ஆனால் ஒன்று நடுக்கோட்டில் அளந்தது, மற்றது வெளி விளிம்பில் அளந்தது. உங்கள் டிசைனரின் 32 கட்டத்தில் ஆரை 4 என்று வைத்துக்கொண்டால் வெளி ஆரை 5, உள் ஆரை 3. அது 24க்குச் சுருங்கும்போது 3.75, 2.25 ஆகும். ஒரே திரையில் மூன்று காலண்டர் பெட்டிகள் நின்றால் வெளி ஆரைகள் 3, 2, 3.75. அதனால்தான் ஒன்று இறுக்கமாகவும் இன்னொன்று சவர்க்காரக் கட்டி போலவும் தெரிகிறது.

எனவே எல்லாவற்றையும் வெளி விளிம்பில் அளவுங்கள், கண் பார்ப்பது அதைத்தான். கணக்கு: வெளி ஆரை = (`rx` + தடிப்பில் பாதி) × அளவு விகிதம். மெட்டீரியலில் “ரவுண்டட்” என்ற வேறு பாணி இருப்பதையும் கவனியுங்கள். உங்கள் கோப்புறையில் இரண்டு பாணியும் கலந்திருக்கலாம், ஒவ்வொரு கோப்பும் எந்தப் பாணியில் இறக்கியது என்று பெயரை வைத்துப் பாருங்கள்.

ஆரை எல்லா உருவத்துக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். பெரிய பெட்டிக்கு 2 அழகாக இருக்கும், அதே 2ஐ ஒரு மருந்துப் போத்தலின் சின்ன மூடிக்குப் போட்டால் மூடியே உருண்டையாகிவிடும். ஃபெதரிலிருந்து கிளைத்த லூசைட் தொகுதியின் வரைவிதி இதை நன்றாகத் தீர்த்து வைத்திருக்கிறது: உருவத்தின் அளவு 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஆரை 2, அதற்குக் கீழே 1. உங்கள் டிசைனருக்கு இந்த ஒரு வரியைக் கொடுத்தாலே பாதி மூலைப் பிரச்சினை தீரும். கோட்டு முனைகளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எஸ்விஜியில் எதுவும் எழுதாவிட்டால் முனை தட்டையாக வெட்டுப்படும், சந்தி கூராக நிற்கும். ஃபெதரில் இரண்டும் `round`. ஸ்டெதஸ்கோப்பின் குழாய் நுனி தட்டையாக இருந்து பக்கத்து ஐகானின் நுனிகள் உருண்டிருந்தால், தடிப்பு சரியாக இருந்தும் வேறு வீட்டுப் பிள்ளை போலத்தான் நிற்கும்.

இனிப் பார்வை அளவு. எல்லா ஐகானும் 24 பெட்டிக்குள் இருக்கின்றனவே, பிறகென்ன என்று டெவலப்பர் கேட்பார். பெட்டி ஒன்றுதான், உள்ளே நிரம்பியிருக்கும் அளவு வேறு. மெட்டீரியலின் வழிகாட்டிக் கோடுகளை எடுத்துப் பாருங்கள்: 24 கட்டத்தில் சதுரத்துக்கு 18, வட்டத்துக்கு விட்டம் 20, செவ்வகத்துக்கு 20க்கு 16. ஏன் இப்படி மூன்று விதம்? பரப்பளவைப் போட்டுப் பாருங்கள். சதுரம் 324, வட்டம் 314, செவ்வகம் 320. ஏறத்தாழ ஒரே பரப்பு. வட்டத்தையும் சதுரத்தையும் ஒரே 20க்குள் வைத்தால் சதுரம் 400, வட்டம் 314 ஆகி, சதுரம் நிச்சயமாகப் பெரிதாகத் தெரியும். வழிகாட்டிக் கோடுகள் அதைத்தான் சமன் செய்கின்றன.

இதை உங்கள் மூன்று மூலங்களுக்கும் பொருத்துவோம். ஃபெதரின் மணிக்கூடு ஐகானில் வட்டத்தின் ஆரை 10, ஆனால் அதுவும் நடுக்கோட்டு ஆரைதான். கோட்டின் வெளிப்பாதியும் சேர வெளிவிட்டம் 22. மெட்டீரியல் விதிப்படி வட்டம் வெளிவிளிம்பிலேயே 20. உங்கள் டிசைனர் 32 கட்டத்தில் நாலாபுறமும் 4 இடம் விட்டு வரைந்திருந்தால் வட்டம் 24, அது 24 பெட்டிக்குச் சுருங்கும்போது 18. இப்போது பரப்பளவு முறையே 380, 314, 254. ஃபெதர் மணிக்கூடு உங்கள் சொந்த ஐகானைவிட ஒன்றரை மடங்கு இடம் பிடித்திருக்கிறது, அதோடு அதன் கோடும் மூன்றில் ஒரு பங்கு தடிப்பு. இரண்டும் சேர்ந்துதான் “இது பெரிசு, இது தடிப்பு” என்று உங்களுக்குப் பட்டது. ஒன்றை மட்டும் திருத்தினால் மற்றது இன்னும் பளிச்சென்று தெரியும்.

பரப்பளவு நல்ல தொடக்கம், ஆனால் அதை முழுத் தீர்ப்பாக எடுக்க முடியாது. இதற்கு ஃபெதரின் கூட்டல் குறியும் பெருக்கல் குறியுமே நல்ல சாட்சி. கூட்டலின் கோடு 5இலிருந்து 19 வரை, நீளம் 14. மூடும் பெருக்கலின் கோடுகள் 6இலிருந்து 18 வரை, அதாவது பெட்டி 12தான். பெட்டியை வைத்துப் பார்த்தால் பெருக்கல் சிறியது. சரிந்த கோட்டின் நீளத்தைக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 17, ஆகவே கோட்டை வைத்துப் பார்த்தால் அது பெரியது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரிகின்றன, வரைந்தவர் கண்ணால் சமன் செய்திருக்கிறார். இவற்றைப் பிடித்து 20 வட்டத்துக்கு இழுத்து நிரப்பினால் மற்ற எல்லா ஐகானையும் அமுக்கிவிடும். திறந்த கோடுகளால் ஆன ஸ்டெதஸ்கோப்புக்கும் இதே கதைதான், அதற்குப் பரப்பளவுக் கணக்கு சரிவராது.

அங்கேதான் மங்கலாக்கிப் பார்க்கும் சோதனை வேண்டும். எல்லா ஐகானையும் ஒரே நிறத்தில், லேபல் இல்லாமல், அப்பில் வரும் அதே 24 பிக்ஸலில் ஒரே வரிசையில் அடுக்குங்கள். வரிசை முழுவதற்கும் `filter: blur(3px)` போடுங்கள். உருவங்கள் மறைந்து சாம்பல் புள்ளிகளின் வரிசை மட்டும் மிஞ்சும். ஒரு புள்ளி மற்றவற்றைவிடக் கறுப்பாக இருந்தால் அந்த ஐகானில் கோடுகள் நெருக்கம். ஒரு புள்ளி அகலமாக இருந்தால் அது அளவில் பெரிது. ஒன்று வரிசையிலிருந்து மேலே அல்லது பக்கமாக விலகி நின்றால், பெட்டிக்குள் சரியாக மையப்படவில்லை. ஐகானின் அர்த்தத்தைப் படிக்க முடியாதபோது கண் அளவை மட்டும் பார்க்கிறது, அதனால் டெவலப்பர்மாரும் தயங்காமல் அதே புள்ளியைத்தான் சுட்டிக் காட்டுவார்கள். நீங்கள் தேடும் ஒத்துக்கொள்ளல் இந்த வரிசையில்தான் கிடைக்கும். ஒரு கவனம்: தெரிவு செய்த தாவலுக்கு நிரப்பிய ஐகான் பாவித்தால் அவற்றை வேறு வரிசையில் வையுங்கள். அவை கறுப்பாகத் தெரிவது வேண்டுமென்றே செய்தது. மூலை ஆரையைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது, மங்கலில் அது கரைந்துபோகும்.

டொக்டர் பட்டியலில் வரும் 16 பிக்ஸல் ஐகான்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். 24இல் வரைந்ததை 16க்குச் சுருக்கினால் தடிப்பு 1.33 ஆகும். பிக்ஸல் விகிதம் 3 உள்ள ஃபோனில் அது சரியாக 4 திரைப் பிக்ஸல், கூராக இருக்கும். சனலிங் சென்டர் கவுண்டரில் இருக்கும் சாதாரண மொனிட்டரில் விகிதம் 1, அங்கே 1.33ஐ முழுப் பிக்ஸலில் வரைய வழியில்லாமல் ஓரம் சாம்பலாகக் கசியும். அதனால் உங்கள் ஃபோனில் பார்த்து “சரி” என்று சொன்னது, கவுண்டரில் இருக்கிறவருக்கு மங்கலாகத் தெரியும். இரண்டு திரையிலும் பார்க்காமல் இந்த அளவை முடிவு செய்யாதீர்கள்.

தடிப்பை நீங்களே நிர்ணயிக்கலாம். `stroke-width` = வேண்டிய பிக்ஸல் × கட்டம் ÷ திரை அளவு. 16 பிக்ஸலில் 1.5 வேண்டுமென்றால் 1.5 × 24 ÷ 16, அதாவது 2.25 என்று எழுத வேண்டும். 40 பிக்ஸல் ஓட்டில் 2.5 வேண்டுமென்றால் 1.5 என்று எழுத வேண்டும். நான் வழமையாக 16க்கு 1.5, 24க்கு 2, 40க்கு 2.5 என்று தொடங்குவேன். ஐகான் பெரிதாகும் வேகத்தில் கோடும் தடித்தால் பெரிய ஓடுகள் முரடாகத் தெரியும், அதனால் கோடு மெதுவாகத்தான் வளர வேண்டும். இந்த எண்கள் என் தெரிவு, உங்கள் எழுத்துருவைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். மெட்டீரியல் சிம்பல்ஸ் எழுத்துருவில், காட்டும் அளவுக்கேற்பக் கோட்டை மாற்ற 20இலிருந்து 48 வரை `opsz` என்ற அச்சு இருப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

எல்லா அளவிலும் ஒரே தடிப்பாக வைத்துவிடலாமே என்று `vector-effect: non-scaling-stroke` போட யாராவது யோசிப்பார்கள். சிறிய அளவில் அது இடைவெளியைத் தின்றுவிடும். 24 கட்டத்தில் இரண்டு கோடுகளின் நடுவுக்கு நடு 4 அலகு இருந்தால், தடிப்பு 2 போக இடையில் 2 பிக்ஸல் வெளி இருக்கும். 16க்குச் சுருங்கும்போது அந்த 4, 2.67 பிக்ஸல் ஆகும். தடிப்பு மட்டும் 2இலேயே நின்றால் மிஞ்சும் வெளி 0.67 பிக்ஸல். காலண்டருக்குள் இருக்கும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப்போகும். 16க்கு உண்மையான தீர்வு, உள்விபரத்தைக் குறைத்து வேறாக வரைவதுதான். ஹீரோஐகான்ஸ் என்ற ஐகான் தொகுதி 24, 20, 16 அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்து வைத்திருப்பது அதனால்தான்.

மூன்று மொழியில் அப் செய்வதால் இன்னொன்றையும் பாருங்கள். ஆங்கிலத்தில் “Clinic” என்று எழுதிப் பக்கத்தில் ஐகானை மையப்படுத்திப் பழகியவர்கள், அதே இடத்தில் தமிழோ சிங்களமோ வந்தால் ஐகான் மேலே ஏறினதுபோல அல்லது இறங்கினதுபோலத் தெரிவதை உடனே காண்பார்கள். தமிழில் பெரிய எழுத்து இல்லை, ஆனால் “கீ”, “சி” போன்றவற்றில் மேலே வளைவு எழும், “கு”, “ழு” போன்றவை கீழே இறங்கும். பிரவுசர் மையப்படுத்துவது வரிப் பெட்டியை, கண் மையப்படுத்துவது எழுத்தின் உடம்பை. மூன்று மொழியிலும் ஒரே பட்டியலை அடுக்கி, “க”, “ப” மாதிரி மேலும் கீழும் நீளாத எழுத்தின் நடுவோடு ஐகானின் நடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் மொழிக்கேற்ற மேல்-கீழ் நகர்வை சிஎஸ்எஸ்ஸில் கொடுங்கள், ஐகான் கோப்பைத் தொடாதீர்கள். தடிப்பையும் அங்கேயே ஒப்பிடலாம்: ஸ்கிரீன்ஷாட்டைப் பெருப்பித்து “ப”வின் நிமிர்ந்த கோட்டையும் ஐகான் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து மெலிந்து ஐகான் தடித்திருந்தால் பட்டியல் முழுவதிலும் ஐகான்தான் முதலில் கண்ணில் குத்தும்.

உங்கள் கோப்புறைக்கு நான் செய்யும் ஒழுங்கைச் சொல்கிறேன். பாதி ஃபெதர் என்பதால் அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், குறைந்த ஐகான்களை மாற்றினால் போதும். மெட்டீரியலிலிருந்து எடுத்தவற்றுக்கு ஃபெதரிலோ லூசைட்டிலோ இணை இருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள், பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்கும். மெட்டீரியலைப் பிடித்து மூலையைத் திருத்தி ஃபெதராக்க முயல்வது வீண் வேலை, உள்மூலைகள் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டிவரும்.

டிசைனர் வரைந்தவற்றில் தடிப்பை மட்டும் 2.67 ஆக்கினால் 24இல் 2 பிக்ஸல் கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டெதஸ்கோப்பின் இரண்டு குழாய்களுக்கும் நடுவுக்கு நடு 4 அலகு இருந்தால், இதுவரை 24 அளவில் 1.5 பிக்ஸலாக இருந்த வெளி 1 பிக்ஸலாகக் குறையும். அதோடு ஐகான் 18 பெட்டிக்குள்ளேயே சிறிதாக நிற்கும். ஆகவே அவற்றை 24 கட்டத்தில் மறுபடி வரையச் சொல்லுங்கள்: நடுக்கோட்டு ஆரை 2, சின்ன உருவங்களுக்கு 1, உருண்டை முனை, கோடுகளுக்கிடையில் குறைந்தது 2 பிக்ஸல் வெளி, வட்டம் வந்தால் வெளிவிட்டம் 22. ஸ்ட்ரோக்கை உருவமாக மாற்றாமல் ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள், அப்போதுதான் 16க்கும் 40க்கும் தடிப்பை நீங்கள் மாற்ற முடியும். வங்கி அட்டை லோகோ, மொழித் தெரிவுக்குப் பாவிக்கும் அடையாளங்கள் போன்றவற்றை இந்தச் சோதனைக்குள் கொண்டுவர வேண்டாம். அவற்றுக்குச் சொந்த விதி உண்டு, உங்கள் கோட்டுக்கு அவற்றை இழுத்தால் கெட்டுப்போகும்.

எல்லாம் முடிந்தபின் மேலே தந்த `grep` வரிகளை மறுபடி ஓட்டுங்கள். லோகோக்களை வேறு கோப்புறைக்கு நகர்த்தியிருந்தால் `viewBox` வரியில் `0 0 24 24` மட்டுமே வர வேண்டும், மூன்றாவது வரியில் நிரப்பிய தாவல் ஐகான்களைத் தவிர வேறு பெயர் வரக்கூடாது. புதிய ஐகான் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இதைத் தானாக ஓடவிட்டு, வேறு கட்டம் வந்தால் நிறுத்தும்படி டெவலப்பர்மாரிடமே கேளுங்கள். அவர்களுக்கு அது சில நிமிட வேலை, எண்ணில் காட்டிய பிரச்சினை என்பதால் மறுக்கவும் மாட்டார்கள். மங்கலாக்கும் வரிசையை மட்டும் நீங்களும் டிசைனரும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் சேர்ந்து பாருங்கள்.